அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த பங்குச் சான்றிதழும் மகளின் பரீட்சைக் கொப்பியும்

ஹேவாஹெட்டவிலிருந்து தலாத்துஓயா வழியாகக் கண்டிக்கு வகுப்புக்குப் போய்வரும் ஒரு தங்கை, தன் கொப்பியைக் காட்டினாள். மூலதனச் சந்தை பற்றிய அடிப்படைச் சான்றிதழ் பரீட்சைக்குத் தயாராகிறாள். கொப்பியில் நாற்பது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம். எழுத்து அழகு, உழைப்பும் தெரிகிறது. ஆனால் முதல் பக்கத்திலேயே ‘டீமேட் கணக்கு’, ‘செபி’, ‘முகமதிப்பு’, ‘பரஸ்பர நிதி’ என்று இருந்தது. எல்லாம் தமிழ்நாட்டு யூடியூப் காணொளிகளிலிருந்து எடுத்தவை. விளக்கங்களில் பிழை இல்லை. அவை இன்னொரு நாட்டின் சந்தைக்கு எழுதப்பட்டவை என்பதுதான் சிக்கல்.

இது சொல் பற்றிய சின்ன விவகாரம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகு அவள் இன்னொன்றையும் எடுத்து வந்தாள். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கலியாணப் படங்களுக்குக் கீழே மடித்து வைத்திருந்த ஒரு தாள். ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் பங்குச் சான்றிதழ். ‘ஒவ்வொன்றும் 10 ரூபா பெறுமதியான’ பங்குகள் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. “கொப்பிப்படி முகமதிப்பு 10 ரூபாதானே அண்ணா, அப்ப அம்மாவுக்குப் பங்குக்குப் பத்து ரூபாதான் வருமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கொப்பியில் பதில் இல்லை. கொப்பியை வைத்துப் பதில் சொன்னால் அம்மாவுக்கு நட்டம்.

முதலில் அந்தத் தாள் எப்படி அங்கே வந்தது என்று பார்ப்போம். 1992இல் அரசு தன் கையிலிருந்த தோட்டங்களில் பெரும்பகுதியைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரித்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து அந்தக் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. ஒரு பகுதி பங்குச் சந்தை ஊடாகப் பொதுமக்களுக்குப் போனது. நூற்றுக்குப் பத்துப் பங்கு, கம்பனிகளில் வேலைசெய்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. கொழுந்து பறித்தவர்களும் அதில் அடக்கம். தாங்கள் ஒரு கம்பனியின் பங்குதாரர்கள் என்பது அன்று பலருக்குப் புரியவைக்கப்படவில்லை. ‘தோட்டம் தந்த கடதாசி’ என்று வைத்துக்கொண்டார்கள், சிலர் எறிந்தும் விட்டார்கள்.

ஹேவாஹெட்ட, தெல்தோட்டைப் பக்கத்தில் இந்தக் கடதாசி எல்லா லயங்களிலும் இருக்காது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர உட்பட இந்த மத்தியமலைத் தோட்டங்களில் பல, கம்பனிகளுக்குப் போகாமல் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையிடமே, நம் ஆட்கள் சொல்லும் ‘ஜனவசம’விடமே, தங்கிவிட்டன. அரச சபைக்குப் பங்கு கிடையாது, ஆகவே அங்கே வேலைசெய்தவர்களுக்குப் பங்குச் சான்றிதழும் கிடையாது. இந்தத் தங்கையின் அம்மா கலியாணத்துக்கு முன் டிக்கோயாப் பக்கத்தில் ஒரு கம்பனித் தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தவர். அதனால்தான் அவரிடம் அது இருந்தது.

இனி அந்த ‘10 ரூபா’வுக்கு வருவோம். ஒரு கம்பனி ஆரம்பிக்கும்போது தன் மூலதனத்தைச் சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண்ணை எழுதி வைக்கும். தமிழ்நாட்டில் அதற்கு முகமதிப்பு என்று பெயர், இங்கே பழைய பாடநூல்களில் பெயரளவுப் பெறுமதி. இந்தியாவில் அந்த எண் இன்றும் உயிரோடு இருக்கிறது. பங்கிலாபத்தைக்கூட அதன் விழுக்காடாகச் சொல்லும் பழக்கம் அங்கே உண்டு. முகமதிப்பு 2 ரூபாயாக உள்ள கம்பனி ‘500 விழுக்காடு ஈவுத்தொகை’ என்று சொன்னால், கிடைப்பது பங்குக்குப் பத்து ரூபாய். பங்கின் சந்தை விலை ஆயிரம் ரூபாயாக இருந்தால், அந்த ஐந்நூறு விழுக்காடு உண்மையில் ஒரே ஒரு விழுக்காடு வருமானம்.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் இந்தப் பெயரளவுப் பெறுமதியையே எடுத்துவிட்டது. இப்போது இங்கே பங்குக்கு அப்படி ஓர் எண் இல்லை. பங்கிலாபம் ‘பங்கொன்றுக்கு இத்தனை ரூபா’ என்றே அறிவிக்கப்படும். ஆகவே சான்றிதழில் அச்சிட்ட 10 ரூபா ஒரு பழைய அடையாளம் மட்டுமே. அம்மாவின் பங்குக்கு என்ன விலை என்பதைக் கொழும்பு பங்குச் சந்தையில் அன்றைக்கு அந்தக் கம்பனியின் பங்கு கைமாறும் விலைதான் சொல்லும். கணக்குக்காக, சான்றிதழில் 120 பங்குகள் இருந்து சந்தை விலை 40 ரூபா என்றால், பெறுமதி 4,800 ரூபா. கொப்பிப்படி பார்த்தால் 1,200. பரீட்சையில் இது ஒரு புள்ளி. வெளியே, வீட்டுக்கு வந்து ‘பழைய கடதாசி வாங்குறோம், பங்குக்குப் பத்துக்கு இரண்டு ரூபா கூடவே தாறோம்’ என்று ஒருவர் சொன்னால், ஒப்பம் வைப்பதா இல்லையா என்பதையும் இதே கணக்குத்தான் முடிவுசெய்கிறது.

அடுத்த சொல் டீமேட். கடதாசியில் உள்ள பங்கை மின்னணுப் பதிவாக மாற்றி வைக்கும் கணக்கு அது. இந்தியாவில் 1996இல் என்.எஸ்.டி.எல். என்ற வைப்பகம் தொடங்கியதிலிருந்து அந்தச் சொல் அங்கே வழக்கமாகிவிட்டது. இலங்கையில் அதே வேலையைச் செய்வது மத்திய வைப்பு முறைமை. எல்லோரும் சி.டி.எஸ். என்றே சொல்கிறார்கள். 1991இலேயே வந்தது, இந்தியாவுக்கு முந்தியே. இங்கே ஒரு தரகரிடம் போய் ‘டீமேட் கணக்கு திறக்க வேண்டும்’ என்றாலும் அவருக்கு விளங்கும்தான். ஆனால் பரீட்சைத் தாளில் சி.டி.எஸ். என்றே கேட்பார்கள். சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பும் வேறு. அங்கே செபி, இங்கே இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு. ‘பிணையங்கள்’ என்றவுடன் நீதிமன்றப் பிணை நினைவுக்கு வந்தால் அது இயல்பு. நம் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு அந்தப் பாரம் உண்டு. இங்கே அது பங்கு, முறி போன்ற விற்று வாங்கக்கூடிய நிதிப் பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர், அவ்வளவுதான்.

அம்மாவின் தாளை விற்க வேண்டுமென்றால் அது முதலில் சி.டி.எஸ். கணக்குக்குள் போக வேண்டும். பங்குத் தரகர் நிறுவனம் ஒன்றின் ஊடாகக் கணக்குத் திறக்கலாம். கொழும்பு பங்குச் சந்தையின் கண்டிக் கிளையில் வழி கேட்கலாம், அதன் கைபேசிச் செயலியிலும் கணக்குத் திறக்கும் வசதி இருக்கிறது. கணக்குத் திறந்தபின் சான்றிதழைத் தரகரிடம் ஒப்படைக்க, அது கம்பனியின் பங்குப் பதிவாளரிடம் போகும். பதிவாளர் தம் ஏட்டில் உள்ள பெயரோடும் இலக்கத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்துச் சரியென்றால், பங்குகள் கணக்கில் ஏறும்.

இந்த ஒப்பிடும் இடத்தில்தான் மலையக மக்களுக்குச் சிக்கல் வருகிறது. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், சான்றிதழில் அதை யாரோ ஆங்கிலத்தில் எழுதிய இன்னொரு வடிவம், அடையாள அட்டையில் மூன்றாவது. இலட்சுமி, லெட்சுமி, லெச்சுமி என்று ஒரே ஆள் மூன்று பேராகி நிற்பார். தகப்பன் பெயர் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் உண்டு. பதிவாளருக்கு அது வேறு வேறு ஆட்கள். ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போனபோது இதே பெயர்ச் சிக்கலால் அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் செய்யும் சத்தியக் கடதாசியும், பழைய சேமலாப நிதி இலக்கம் போன்ற ஆதாரங்களும் உதவும். சான்றிதழே தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாடு, சத்தியக் கடதாசி, இழப்பீட்டு உறுதிமொழி என்று பொதுவாகக் கேட்பார்கள். தாள் இல்லை என்பதால் பங்கு இல்லாமல் போவதில்லை. உரிமை பதிவாளரின் ஏட்டில் இருக்கிறது, தாள் அதற்கு அத்தாட்சி. இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு எல்லாம் போனது என்று விட்டுவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாடநெறிக் கொப்பிகளில் பெரும்பாலும் ஒரே வரியில் சேர்த்து எழுதப்படும் இரண்டு சொற்கள் உண்டு. உயிரோடு இருப்பவர் தன் பங்கை இன்னொருவருக்குக் கொடுப்பது உரிமை மாற்றம். ஒருவர் இறந்தபின் சட்டப்படி பங்கு வாரிசிடம் வருவது வேறு, அதை மரணவழி உரிமை மாற்றம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். முதலாவதற்கு உரியவரின் ஒப்பம் வேண்டும். இரண்டாவதற்கு மரணச் சான்றிதழும், வாரிசுரிமைக்கான நீதிமன்ற ஆவணமும் பொதுவாகக் கேட்பார்கள். வடக்கு கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் பங்கோ வைப்போ இருக்கும் குடும்பத்துக்கு இந்த ஒரு வரி எவ்வளவு கனமானது என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2016இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின் கீழ் கொடுக்கப்படும் ‘காணப்படாமைச் சான்றிதழ்’ ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. ஆகவே அது மரணச் சான்றிதழுக்கு ஈடாகாது. எந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதைக் கேட்கிறோம் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் முதலில் தெளிவுபடுத்திக்கொள்வதே நல்லது.

இப்போது ‘பரஸ்பர நிதி’. பலருடைய பணத்தைச் சேர்த்து, ஒரு முகாமைத்துவ நிறுவனம் பங்குகளிலும் முறிகளிலும் போட்டு வைப்பது. இதே ஏற்பாட்டுக்கு இலங்கையில் அலகு நம்பிக்கை என்று பெயர். 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் சட்டத்துக்குப் பிறகு, கூட்டு முதலீட்டுத் திட்டம் என்ற பெரிய குடையின் கீழ் வருகிறது. பெயரில் உள்ள ‘நம்பிக்கை’ வெறும் அலங்காரமல்ல. முகாமை செய்யும் நிறுவனம் ஒன்று, பணத்தையும் பத்திரங்களையும் நமக்காகத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் இன்னொருவர். பெரும்பாலும் அது ஒரு வங்கி. முகாமையாளர் எதை வாங்குவது என்று முடிவுசெய்யலாம், பணத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. ‘உங்கள் நிதியத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளர் யார்?’ என்று கேட்டுப் பதில் வராத இடத்தில் இருப்பது அலகு நம்பிக்கை அல்ல. மாதம் இத்தனை விழுக்காடு உறுதி என்று ஊருக்குள் வரும் ‘முதலீட்டு’க்காரர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான். இரண்டாவது, அவர்களின் பெயர் பிணையங்கள் ஆணைக்குழுவின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்பது.

கொப்பியில் ‘நிகரச் சொத்துப் பெறுமதி’க்கு எதிரே ‘ஒரு அலகின் விலை’ என்று இருந்தது. பாதிதான் சரி. ஒரு நிதியத்திடம் பங்குகள், முறிகள், வைப்புகள் எல்லாம் சேர்த்து 51 மில்லியன் ரூபா, கொடுக்க வேண்டிய கடன் 1 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். நிகரம் 50 மில்லியன். அலகுகள் 4 மில்லியன் என்றால் அலகொன்றின் நிகரச் சொத்துப் பெறுமதி 12.50 ரூபா. இந்த விலையிலேயே நாம் வாங்குகிறோமா? இந்தியாவில் 2009 ஓகஸ்ட் முதல் நுழைவுக் கட்டணத்தைச் செபி தடைசெய்துவிட்டதால், இந்தியக் காணொளிகள் ‘ஆமாம்’ என்று சொல்கின்றன. இலங்கையில் சில நிதியங்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. ஆகவே இங்கே வாங்கும் விலை, மீளப்பெறும் விலை என்று இரண்டைப் பார்க்கலாம்.

அம்மாவின் சேமிப்பில் 25,000 ரூபாவை இதில் போடுகிறோம், நுழைவுக் கட்டணம் 2 விழுக்காடு. வாங்கும் விலை 12.75 ஆகிறது, கிடைப்பது ஏறக்குறைய 1,961 அலகுகள். அடுத்த நாளே மனம் மாறி மீளப்பெற்றால், 12.50 வீதம் ஏறக்குறைய 24,510 ரூபா வரும். சந்தை கொஞ்சமும் அசையாமலே ஏறக்குறைய 490 ரூபா குறைந்திருக்கிறது. நிதியம் 2 விழுக்காடு வளர்ந்த பிறகுதான் போட்ட காசு அப்படியே திரும்பும். இரண்டு வருடம் விட்டுவைக்கிற பணத்துக்கு இது பெரிதல்ல. மூன்று மாதத்தில் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு எடுக்க வேண்டிய பணத்துக்கு இது பெரிதுதான்.

பரீட்சையில் அடிக்கடி பிழைக்கும் இடமும் இதை ஒட்டியே இருக்கிறது. ஒரு நிதியத்தின் அலகு 12.50 ரூபா, இன்னொன்றின் அலகு 40 ரூபா என்றால் முதலாவது ‘மலிவு’ என்று பலர் குறித்துவிடுகிறார்கள். கட்டணத்தை விட்டுப் பாருங்கள்: 25,000 ரூபாவுக்கு முதலாவதில் 2,000 அலகுகள், இரண்டாவதில் 625 அலகுகள். இரண்டும் 10 விழுக்காடு வளர்ந்தால் இரண்டிலும் 27,500 ரூபாதான். ஒரு கிலோ சீனியைப் பெரிய பையில் கட்டினாலும் சின்னப் பைகளில் கட்டினாலும் சீனி ஒன்றுதான்.

கடைசியாக, மிக அதிகம் குழப்பும் சொல்: பத்திரம். தமிழ்நாட்டுக் காணொளிகளில் பத்திரம் என்றால் கடன் பத்திரம். நமக்குக் காணி உறுதியும், உத்தரவுப் பத்திரமும்கூடப் பத்திரம்தான். இலங்கை வழக்கில் அரசு ஒரு வருடத்துக்குள் திருப்பித் தரும் கடனுக்குத் திறைசேரி உண்டியல் என்றும், அதைவிட நீண்ட காலக் கடனுக்குத் திறைசேரி முறி என்றும் பெயர். 2015 பெப்ரவரி ஏலத்துக்குப் பிறகு ‘பிணைமுறி மோசடி’ என்று பத்திரிகைகளில் வாசித்தோமே, அதே முறிதான். ஊழியர் சேமலாப நிதியில் பெரும்பகுதி இந்த முறிகளில்தான் இருக்கிறது. எனவே கொழுந்து பறிக்கும் அம்மா பங்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் ஏற்கனவே சந்தைக்குள்தான் இருக்கிறார்.

முறியையும் உண்டியலையும் பற்றிக் கொப்பியில் ‘அரச உத்தரவாதம், ஆபத்து இல்லை’ என்று எழுதியிருந்தது. இதை நான் பேனையால் கோடிட்டு வெட்டினேன். ஒரு வருட உண்டியலை எடுத்துக்கொள்வோம். முடிவில் அது 100 ரூபா தரும். வட்டி வீதம் 8 விழுக்காடாக இருக்கையில் அதன் விலை 100ஐ 1.08ஆல் வகுத்தால் வரும் 92.59 ரூபா. மறுநாள் சந்தை வட்டி 24 விழுக்காடானால், அதே தாளுக்கு யாரும் 100ஐ 1.24ஆல் வகுத்து வரும் 80.65க்கு மேல் கொடுக்க மாட்டார்கள். ஒரே நாளில் 13 விழுக்காடு அளவுக்கு வீழ்ச்சி. வருடம் முடியும்வரை வைத்திருப்பவருக்கு 100 வந்துவிடும். இடையில் விற்க வேண்டியவருக்கு அடி.

இது கற்பனைக் கணக்கு என்றாலும், நடந்தது அவ்வளவு தூரமில்லை. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 புள்ளிகள் கூட்டியது. அந்த வருட முடிவுக்குள் திறைசேரி உண்டியல் வட்டி 30 விழுக்காட்டைத் தாண்டியது. நீண்ட கால முறிகளை வைத்திருக்கும் நிதியங்களைச் சந்தை விலைக்கு மதிப்பிட்டால், இப்படிப்பட்ட காலத்தில் அலகு விலை விழும். குறுகிய காலத் தாள்களை வைத்திருக்கும் பணச் சந்தை நிதியத்துக்கு அடி குறைவு. மேலேயுள்ள அதே வட்டி மாற்றத்தை மூன்று மாத உண்டியலுக்குப் போட்டால் விலை ஏறக்குறைய 98 ரூபாவிலிருந்து 94 ரூபாவுக்கு இறங்கும். மூன்று மாதத்தில் முடிந்து, அந்தப் பணம் புது வட்டிக்குப் போகும். ஆகவே ‘இந்த நிதியத்தில் உள்ள தாள்கள் சராசரியாக எவ்வளவு காலத்தில் முடிகின்றன?’ என்பது, ‘போன வருடம் எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்பதைவிட நல்ல கேள்வி.

தங்கையின் கொப்பியை நாங்கள் திரும்ப எழுதவில்லை. நாற்பது சொற்களுக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனையால் இன்னொரு நிரல் போட்டோம், ‘இங்கே’ என்று தலைப்பு. டீமேட்டுக்கு எதிரே சி.டி.எஸ்., ஈவுத்தொகைக்கு எதிரே பங்கிலாபம், பரஸ்பர நிதிக்கு எதிரே அலகு நம்பிக்கை. முகமதிப்புக்கு எதிரே ‘2007க்குப் பிறகு இல்லை’. கடன் பத்திரத்துக்கு எதிரே முறி. பதினைந்து சொற்களுக்கு மேல் இரண்டு நிரலும் ஒன்றாகவே வந்தன. மிச்சத்தில் சிலவற்றுக்கு இங்கே ஈடே இல்லை. அவற்றைப் பரீட்சைக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டாள்.

அம்மாவின் அடையாள அட்டையில் உள்ள பெயருக்கும் சான்றிதழில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு, முதலில் சமாதான நீதவானிடம் போய்விட்டு, பிறகு கண்டிக் கிளைக்குப் போவதாகச் சொன்னாள். அதுவரை சான்றிதழைப் பெட்டிக்குள் மடிக்காமல், கொப்பியின் அட்டைக்குள் தட்டையாக வைத்திருக்கிறாள்.